‘அப்பா விட்டுச்சென்ற கடன்’ இரண்டாவது சீசனையும் தாங்குமா?

கேள்வி: நாங்கள் மூவர் சேர்ந்து சிங்கப்பூரின் ஈசூனில் நடக்கும் ஒரு தமிழ் இணைய நாடகத் தொடர் எடுக்கிறோம். புளோக்கின் கீழே மளிகைக் கடை வைத்திருந்த அப்பா இறந்த பிறகு, கடையை மூட வரும் மகள் அவருடைய 555 கடன் நோட்டைக் கண்டெடுக்கிறாள். அதில் பெயர் உள்ளவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போகிறாள். ஆறு அத்தியாயங்கள். ‘அப்பா விட்டுச்சென்ற கடன்’ என்று பெயர் வைத்து முன்னோட்டத்தையும் வெளியிட்டுவிட்டோம். இரண்டாவது சீசன், தேக்காவிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்பும் ஓர் ஊழியரின் குடும்பத்தைப் பற்றியது. இந்தப் பெயர் அதையும் தாங்குமா? அத்தியாயங்களுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டுமா?

பதில்:

தாங்காது. ஆனால் அந்தப் பெயரைக் கைவிடவும் தேவையில்லை. அது உட்கார வேண்டிய இடம் வேறு. எந்த இடம் என்பதைச் சொல்வதற்கு முன், ஏன் தாங்காது என்பதை விளக்கிவிடுகிறேன், ஏனெனில் காரணம் புரிந்தால் மாற்றுப் பெயரை நீங்களே தேடிக்கொள்ள முடியும்.

உங்கள் தலைப்பு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறது. அப்பா இறந்தார், கடனை விட்டுச் சென்றார் என்ற இரண்டும் முதல் அத்தியாயத்திலேயே நடந்து முடிந்துவிடுகின்றன. ‘விட்டுச்சென்ற’ என்ற இறந்தகாலப் பெயரெச்சம், கதை எந்தப் புள்ளியில் தொடங்குகிறதோ அந்தப் புள்ளியிலேயே தலைப்பை ஆணியடித்து நிறுத்திவிடுகிறது. ஆறாவது அத்தியாயத்தில் மகள் நோட்டின் கடைசிப் பக்கத்தை மூடும்போது தலைப்பின் பொருளும் தீர்ந்துவிடும். அதன் பிறகு ஒருவர், ‘அப்பா விட்டுச்சென்ற கடன் இரண்டாவது சீசன் வந்திருக்கிறது’ என்று நண்பரிடம் சொன்னால், கேட்பவர் மனத்தில் எழும் முதல் கேள்வி, ‘எந்த அப்பா?’ என்பதாகத்தான் இருக்கும். தேக்காவில் வரிசையில் நின்று பணம் அனுப்பும் அந்த ஊழியருக்கு அப்பாவும் இல்லை, விட்டுச்சென்ற கடனும் இல்லை என்றால், தலைப்புக்காக நீங்கள் கதையை வளைக்க நேரிடும்.

இது புதியவர்களுக்கு மட்டும் நேரும் தவறு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2005இல் தொடங்கிய ‘பிரிசன் பிரேக்’ தொடரின் முதல் சீசன் முழுவதும் சிறையிலிருந்து தப்பிக்கும் திட்டத்தைப் பற்றியது. சீசன் முடிவில் தப்பித்துவிடுகிறார்கள். இரண்டாவது சீசன், தப்பியவர்களைத் துரத்துவதைப் பற்றியது. மூன்றாவது சீசனில் கதாநாயகனைப் பனாமாவில் உள்ள வேறொரு சிறைக்குள் வைத்துத்தான் தொடங்கினார்கள். அந்தக் கதைப் போக்குக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம்; ஆனால் தலைப்பு எப்போதும் ஒரு சிறையையும் ஒரு தப்பித்தலையும் கேட்டுக்கொண்டே இருந்தது என்பதைப் பார்வையாளராக யாரும் உணர முடியும். எண்ணைத் தலைப்பாக வைத்த ‘24’ தொடருக்கு வேறு வகை இறுக்கம் நேர்ந்தது. ஒரு நாளின் 24 மணி நேரம், 24 அத்தியாயங்கள் என்பதே அதன் அமைப்பு. 2014இல் அந்தத் தொடர் மீண்டும் வந்தபோது 12 அத்தியாயங்கள்தான் எடுக்கப்பட்டன. தலைப்பு மட்டும் பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருந்தது. அவர்களிடம் ஏற்கெனவே பல ஆண்டுப் பார்வையாளர்கள் இருந்ததால் அது பொறுத்துக்கொள்ளப்பட்டது. ஆறு அத்தியாயங்களோடு தொடங்கும் நமக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

என் அனுபவத்திலும் ஒன்று உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நான் திரைக்கதை சரிபார்த்த ஒரு சிறிய தொடரின் தலைப்பில் ‘நான்கு’ என்ற சொல் இருந்தது, கதையில் நான்கு நண்பர்கள் இருந்ததால். முதல் சீசன் முடிந்ததும் நால்வரில் ஒருவராக நடித்த இளைஞர் தேசிய சேவைக்குச் சென்றுவிட்டார். தலைப்பைக் காப்பாற்றுவதற்காகவே, கதைக்கு எந்தத் தேவையும் இல்லாமல், மலேசியாவிலிருந்து வந்த சித்தப்பா மகன் என்று ஒரு நான்காவது ஆளை எழுதிச் சேர்த்தோம். அந்தப் பாத்திரம் கடைசிவரை ஒட்டவே இல்லை. அதை எழுதியவர்களில் நானும் ஒருவன் என்பதால், தலைப்பில் ஆள்களின் எண்ணிக்கை, நடிகர் மாறினால் போய்விடும் பெயர், தீர்ந்துவிடும் புதிர் ஆகியவற்றைப் பார்த்தால் இன்றும் என் கை நின்றுவிடும்.

ஆகவே தலைப்பைத் தேடும்போது முதல் சீசனில் என்ன நடக்கிறது என்று கேட்காமல், எல்லாச் சீசனிலும் எது மறுபடி மறுபடி நடக்கிறது என்று கேளுங்கள். உங்கள் இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் கதையில் கடை இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. முதல் கதை ஈசூனில், இரண்டாவது தேக்காவில். முதல் கதையில் இறந்த தந்தை, இரண்டாவதில் தொலைவில் இருக்கும் குடும்பம். ஆனால் இரண்டிலும் ஒரு தாள் இருக்கிறது: ஒன்றில் கடன் நோட்டு, மற்றொன்றில் பணம் அனுப்பிய ரசீது. இரண்டிலும் ஒருவர் இன்னொருவருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்பது எழுதி வைக்கப்படுகிறது. எழுத முடியாத ஒன்று அந்தத் தாளுக்கு வெளியே நின்றுவிடுகிறது. தொடரின் நிலையான பொருள் இதுதான். தலைப்பு இதைத்தான் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் பலர் எதிர்ப்பக்கமாக அளவுக்கு மீறிச் சாய்ந்துவிடுவார்கள். எல்லாச் சீசனும் அடங்க வேண்டும் என்ற கவலையில் ‘உறவுகள்’, ‘வாழ்க்கை’, ‘பயணம்’ என்று வைப்பார்கள். இவற்றுக்குள் எந்தக் கதையும் அடங்கும் என்பதே இவற்றின் குறை. இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது: நீங்கள் நினைத்த பெயரை, உங்களுக்குத் தெரிந்த வேறு மூன்று தமிழ்த் தொடர்களுக்கு மனத்தளவில் சூட்டிப் பாருங்கள். மூன்றுக்கும் உறுத்தாமல் பொருந்தினால் அது உங்களுடைய பெயராக இருக்க முடியாது. நல்ல பெயர் உங்கள் முதல் சீசனுக்கும் இரண்டாவது சீசனுக்கும் பொருந்தி, பக்கத்து வீட்டுத் தொடருக்குப் பொருந்தாமல் இருக்கும்.

இப்போது உங்கள் கதையிலிருந்தே சில பெயர்களை எடுத்துச் சோதிப்போம்.

‘மாமா கடை’ என்பது இங்குள்ள எல்லோரும், தமிழர் அல்லாதவர்களும்கூட, உடனே புரிந்துகொள்ளும் சொல். கேட்டவுடன் புளோக்கின் கீழ்த்தளம், தொங்கும் சிப்ஸ் பொட்டலங்கள், கதவருகே ஐஸ்கிரீம் பெட்டி எல்லாம் கண்முன் வரும். ஒரு சீசனுக்கு இதைவிட நல்ல பெயர் கிடைப்பது கடினம். ஆனால் மகள் கடையை மூட வந்திருக்கிறாள். முதல் சீசன் முடிவில் கடை மூடப்பட்டால் தலைப்பும் அதோடு மூடப்பட்டுவிடும்; மூடப்படாவிட்டால், அது தலைப்பைக் காப்பாற்ற எடுத்த முடிவாகிவிடும். இரண்டும் வேண்டாம்.

‘555 நோட்டு’ என்பது எனக்கு மிகவும் பிடித்த பொருள். சட்டைப்பையில் அடங்கும் அந்தச் சிறிய நோட்டைச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கடன் எழுதப் பயன்படுத்திய தலைமுறை இன்னும் இருக்கிறது. ஆனால் தலைப்பில் எண் இருந்தால் சீசன் எண்ணும் அத்தியாய எண்ணும் அதனோடு மோதும். ‘555 நோட்டு 2’ என்று எழுதினால் இரண்டாவது நோட்டா, இரண்டாவது சீசனா என்று தெரியாது. ‘555 நோட்டு 2, 5’ என்று ஒரு பட்டியலில் வந்தால் அதை வாய்விட்டுப் படிக்கவே முடியாது. மேலும் ஒருவர் அதை ‘ஐந்நூற்று ஐம்பத்தைந்து’ என்பார், இன்னொருவர் மலாய் வழக்கில் ‘தீகா லீமா’ என்பார். வாயில் ஒரே வடிவம் நிற்காது. நோட்டு படத்தில் இருக்கட்டும், சுவரொட்டியிலும் இருக்கட்டும், தலைப்பில் வேண்டாம்.

‘பற்று’ என்ற ஒற்றைச் சொல் ஆழமானது. கடைக்கணக்கில் வாடிக்கையாளர் கடனாக எடுத்துச் சென்றதும் பற்று. மனத்தின் பிடிப்பும் பற்று. உங்கள் கதையின் இரண்டு பக்கங்களையும் மூன்றே எழுத்தில் சொல்லிவிடுகிறது. ஆனால் பேச்சில் இது ‘பத்து’ என்றே ஒலிக்கும். ‘நேற்று பத்து பார்த்தேன்’ என்று ஒருவர் சொன்னால் பத்தாவது அத்தியாயம் என்றுதான் கேட்பவர் நினைப்பார். தேடினாலும் வங்கியின் பற்று அட்டைதான் முன்னே வந்து நிற்கும். மிக அழகான ஒற்றைச் சொற்கள் தேடுபொறியில் தொலைந்துபோவது அடிக்கடி நடப்பது.

‘பற்று வரவு’ என்று இரண்டாகச் சேர்த்தால் இந்தக் குறைகள் பெரும்பாலும் நீங்கிவிடுகின்றன. எடுத்ததும் கொடுத்ததுமாகிய கணக்கு என்பது நேர்ப்பொருள். வரவு என்பதற்கு வருகை என்ற பொருளும் உண்டு என்பதால், மகள் ஊர் திரும்புவதும் ஊழியர் இங்கு வந்து சேர்ந்ததும் அதற்குள் தாமாகவே அடங்குகின்றன. வரவு என்று மட்டும் தேடினால், குறிப்பாகப் பிப்ரவரி மாதத்தில், அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டச் செய்திகள் வந்து குவியும். இரண்டு சொல்லும் சேர்ந்தால் அந்தக் குழப்பம் குறையும். இதில் ஆளின் பெயர் இல்லை, இடத்தின் பெயர் இல்லை, எண்ணிக்கை இல்லை, காலம் காட்டும் வினை இல்லை. மூன்றாவது சீசனில் இரண்டு சகோதரிகளின் சொத்துத் தகராறை எடுத்தாலும் இந்தப் பெயர் அதை ஏற்கும். அதே நேரத்தில் ஒரு பேய்க்கதைக்கோ கல்லூரிக் காதல் கதைக்கோ பொருந்தாது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இதைத்தான் எடுப்பேன்.

தமிழுக்கே உரிய ஒரு சோதனையையும் செய்துவிடுங்கள். தலைப்பு எப்போதும் தனியாக நிற்காது. வேற்றுமை உருபு சேர்ந்து வாக்கியங்களுக்குள் போகும். ‘ம்’ என்று முடியும் பெயர்கள் உருபு சேரும்போது வடிவம் மாறிவிடும்: ‘பயணம்’ என்பது ‘பயணத்தில்’, ‘பயணத்தை’ என்றாகும். ‘நான் திரும்பி வருவேன்’ போன்ற முழு வாக்கியத் தலைப்புகள் உருபையே ஏற்பதில்லை. ஒவ்வொரு முறையும் ‘என்ற தொடரில்’ என்று சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். ‘பற்று வரவில் நடித்தவர்’, ‘பற்று வரவைப் பார்த்தாயா’ என்பவை இயல்பாக வருகின்றன. எழுத்து வடிவத்தையும் இப்போதே உறுதி செய்துகொள்ளுங்கள். இடைவெளியோடு ‘பற்று வரவு’ என்பதா, சேர்த்துப் ‘பற்றுவரவு’ என்பதா என்று ஒரு முடிவுக்கு வந்து, சுவரொட்டி, பட்டியல், செய்திக் குறிப்பு எல்லாவற்றிலும் அதையே எழுதுங்கள். முதல் சீசனைப் பிரித்தும் இரண்டாவதைச் சேர்த்தும் எழுதினால், ஒன்றைத் தேடுபவருக்கு மற்றொன்று கிடைக்காமல் போகலாம்.

ஆங்கில எழுத்தில் எழுதும் வடிவம் இங்கே இன்னும் முக்கியம். சிங்கப்பூரில் நம் பார்வையாளர்களில் பெரும்பகுதியினர் ஆங்கில விசைப்பலகையில்தான் தேடுகிறார்கள். தமிழ் தெரியாத நண்பர்களும் வசன வரிகளோடு பார்க்கிறார்கள். இந்தப் பெயரின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது: ‘ற்று’ என்பதை ஒருவர் Patru என்று எழுதுவார், இன்னொருவர் Pattru என்பார், மற்றொருவர் Patthu என்று ஒலித்தபடியே எழுதிவிடுவார். Patru Varavu என்ற ஒன்றை அதிகாரபூர்வமாக வைத்துக்கொண்டு, மற்ற வடிவங்களை ஒவ்வோர் அத்தியாயத்தின் விவரக் குறிப்பிலும் ஒருமுறை சேர்த்துவிடுங்கள். தனியாக ஆங்கிலத் தலைப்பு ஒன்றும் வைப்பதாக இருந்தால், அதற்கும் இதே விதியைப் பின்பற்றுங்கள். தமிழில் பொதுப்பெயரும் ஆங்கிலத்தில் ‘தந்தையின் கடன்கள்’ என்ற பொருள்படும் பெயரும் வைத்தால், நீங்கள் முன்வாசலில் தவிர்த்த சிக்கல் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும்.

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொதுவாக ஒரு தலைப்புக்கு மட்டும் பதிப்புரிமைப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. வணிகக் குறியாகப் பதிவு செய்தால்தான் ஓரளவு பிடிமானம் உண்டு. பொழுதுபோக்குச் சேவைகள் 41ஆம் வகுப்பில் வருகின்றன. சிங்கப்பூரில் பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். ஆறு அத்தியாயங்களுக்கு இந்தச் செலவு தேவையா என்பது உங்கள் முடிவு. ஆனால் அறிவுசார் சொத்து அலுவலகத்தின் இணையப் பதிவேட்டில் அதே பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்ப்பதையும், அதே பெயரில் வேறு தொடரோ குறும்படமோ வந்திருக்கிறதா என்று தமிழிலும் ஆங்கில எழுத்திலும் தேடுவதையும் தள்ளிப்போட வேண்டாம்.

இனி உங்கள் பழைய பெயருக்கு வருகிறேன். ஒரு தொடருக்கு மூன்று அடுக்குப் பெயர்கள் வைக்கலாம்: தொடரின் பெயர், சீசனின் பெயர், அத்தியாயத்தின் பெயர். மேலே போகப் போகப் பெயர் பொதுவாக வேண்டும், கீழே இறங்க இறங்கக் குறிப்பாக வேண்டும். ‘அப்பா விட்டுச்சென்ற கடன்’ நடு அடுக்குக்கு உரிய பெயர். ‘பற்று வரவு: அப்பா விட்டுச்சென்ற கடன்’ என்று எழுதிப் பாருங்கள், மேல் அடுக்கில் சுமையாக இருந்த அதே சொற்கள் இங்கே வலிமையாக நிற்கின்றன. 2022 டிசம்பரில் வெளியான ‘வதந்தி’ தொடர் இந்த அமைப்பைத்தான் எடுத்துக்கொண்டது. முதன்மைப் பெயர் எந்த வழக்குக்கும் பொருந்தும் ஒரு பொதுச்சொல். அதன் பின் வந்த துணைத்தலைப்புதான் வெலோனி என்ற பெண்ணின் பெயரைச் சொல்லி, அந்தச் சீசனின் வழக்கைக் குறித்தது. அடுத்த வழக்குக்குப் போகும்போது துணைத்தலைப்பை மட்டும் மாற்றினால் போதும்.

சீசனுக்குப் பெயர் வைப்பதாக இருந்தால் முதல் சீசனிலிருந்தே வைக்க வேண்டும். முதலாவது வெறுமனே ‘பற்று வரவு’ என்றும் இரண்டாவது ‘பற்று வரவு: தேக்கா ரசீது’ என்றும் இருந்தால், புதிதாக வருபவர் இரண்டையும் இரண்டு தனித் தொடர்கள் என்றோ, முதலாவதை மொத்தத் தொடர் என்றோ எடுத்துக்கொள்வார். தொடக்கத்தில் திரையில் வரும் பெயர் அட்டையில் மட்டும் எண்ணையும் துணைத்தலைப்பையும் சேர்க்காதீர்கள். பட்டியலில் உள்ள எழுத்தை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். காணொளிக்குள் பதிந்த எழுத்தைத் திருத்த, கோப்பை மறுபடி ஏற்ற வேண்டும், யூடியூபில் அதற்கு முகவரியே மாறிவிடும்.

ஒரு சொல்லைப் பற்றி எச்சரிக்க வேண்டும். ‘பாகம்’ என்ற சொல்லை எங்கும் பயன்படுத்தாதீர்கள். ‘பாகம் 2’ என்றால் ஒருவருக்கு இரண்டாவது சீசன், இன்னொருவருக்கு இரண்டாவது அத்தியாயம், மூன்றாமவருக்கு நீளத்துக்காக இரண்டாக வெட்டிய ஒரே அத்தியாயத்தின் பின்பாதி. சீசன், அத்தியாயம் என்ற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றைப் ‘பருவம்’, ‘எபிசோட்’, ‘பகுதி’ என்று இடையில் மாற்றாமல் இருங்கள்.

அத்தியாயங்களுக்குத் தனிப் பெயர் வேண்டும் என்பதே என் கருத்து, உங்கள் தொடரின் அமைப்பே அதைக் கேட்பதால். ஒவ்வோர் அத்தியாயத்திலும் நோட்டின் ஒரு பதிவு. கதை ஒரே நீரோட்டமாக ஓடும் தொடர்களில் வெறும் எண் போதும். தனித்தனி ஆள்களைச் சந்திக்கும் தொடரில், ‘அந்த லாரி ஓட்டுநர் வருவாரே, அது எந்த அத்தியாயம்?’ என்று தேடுபவருக்குப் பெயர்தான் கைப்பிடி. ஆனால் ஆறு பெயர்களும் ஒரே அச்சில் இருக்க வேண்டும். கடன்காரர்களின் பெயரையே வைக்கலாம் என்று முதலில் தோன்றும்: ‘லாரி மணியம்’, ‘ஒன்பதாம் மாடிப் பாட்டி’ என்று கடைக்காரர் நோட்டில் எழுதியபடியே. அழகாகத்தான் இருக்கிறது. ஆயினும் பட்டியலில் ஆறும் ஒரே நேரத்தில் கண்ணில் படும் என்பதால், யாரெல்லாம் வரப்போகிறார்கள் என்பது முதல் நாளே தெரிந்துவிடும். ஆறாவது பதிவு மகளுக்கு நெருக்கமான ஒருவருடையது என்றால், அந்தப் பெயரைக் கண்டதுமே முடிவு கசிந்துவிடும்.

ஆகவே ஆளை விட்டுவிட்டு, நோட்டில் எழுதப்பட்ட பொருளைப் பெயராக வைக்கச் சொல்வேன். ‘அரிசி ஐந்து கிலோ’, ‘பால் டின் இரண்டு’, ‘பள்ளிக் காலணி’, ‘மெழுகுவத்தி’ என்று போகட்டும். பார்ப்பதற்கு முன் அது ஒரு சாதாரணப் பொருள். பார்த்து முடித்த பின் அந்தப் பொருள் யாருக்காக வாங்கப்பட்டது என்பது நினைவில் நிற்கும். இரண்டாவது சீசனுக்கும் இந்த அச்சு அப்படியே பொருந்தும், ஊருக்கு அனுப்பும் பணமும் ஏதோ ஒரு பொருளுக்காகத்தான் போகிறது: ‘அம்மாவின் கண்ணாடி’, ‘கிணற்று மோட்டார்’. அச்சைத் தேர்ந்தெடுக்கும்போது அது எத்தனை அத்தியாயங்களுக்கு வரும் என்பதையும் எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். உயிரெழுத்து வரிசையில் பெயர் வைக்க விரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டில் முடிந்துவிடும், அதற்கு முன் ‘ஔ’ வந்து வழிமறிக்கும், ஏனெனில் அந்த எழுத்தில் தொடங்கும் சொற்கள் மிகக் குறைவு.

இந்த மூன்று அடுக்கையும் ஒரே வரியில் நிறைத்தால் பட்டியலில் எதுவும் தெரியாது. யூடியூபில் தலைப்புக்கு 100 எழுத்துகள்தான் வரம்பு. தமிழில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால், கண்ணுக்கு மூன்றாகத் தெரியும் ‘பற்று’ ஐந்தாகக் கணக்கிடப்படும். ‘பற்று வரவு’ இடைவெளியோடு 10, ‘அப்பா விட்டுச்சென்ற கடன்’ 24. வரம்புக்குள் அடங்கினாலும் கைப்பேசித் திரையில் நீண்ட தலைப்பின் பின்பகுதி வெட்டுப்படும் என்பதுதான் பெரிய சிக்கல். தொடரின் பெயர், துணைத்தலைப்பு, ‘புதிய தமிழ் இணையத் தொடர்’ என்ற அறிமுகம் எல்லாம் முன்னால் நின்று, எத்தனையாவது அத்தியாயம் என்பது வெட்டுப்பட்டால், பார்வையாளர் ஆறு ஒரே மாதிரியான வரிகளைத்தான் காண்பார். ‘பற்று வரவு – சீசன் 1, அத்தியாயம் 3 – அரிசி ஐந்து கிலோ’ என்பது 53 எழுத்துகளில் முடிந்துவிடுகிறது. சீசனின் துணைத்தலைப்பை அத்தியாய வரியில் சேர்க்காமல், அந்தச் சீசனின் காணொளிப் பட்டியலுக்கும் சுவரொட்டிக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தொகுப்பாளரிடமும் வசன வரி எழுதுபவரிடமும் போகும் கோப்புகளுக்கு இன்றே ஓர் ஒழுங்கு வைத்துவிடுங்கள்:

```
PV_S01E03_arisi.mp4
PV_S01E03_arisi_ta.srt
PV_S02E01_kannadi.mp4
```

சீசன் எண்ணைத் திரையில் காட்டாவிட்டாலும் கோப்பில் முதல் நாளிலிருந்தே `S01` இருக்கட்டும். எண்களுக்கு முன் சுழியம் இல்லாவிட்டால், எழுத்து வரிசையில் அடுக்கும் பல கருவிகளில் பத்தாவது அத்தியாயம் இரண்டாவதற்கு முன்னால் போய் நிற்கும். அத்தியாயப் பெயரைப் பிறகு மாற்றினாலும் எண்ணை மாற்றாதீர்கள். எந்த வசன வரிக் கோப்பு எந்தக் காணொளிக்கு உரியது என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் அடையாளம் காண்பீர்கள்.

ஒரு வரையறையையும் சொல்ல வேண்டும். இரண்டாவது சீசன் வெறும் ஆசையாக மட்டும் இருந்து, உண்மையில் இந்த ஆறு அத்தியாயங்களோடு முடித்துக்கொள்வீர்கள் என்றால், பழைய தலைப்பையே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கதைக்கு மட்டும் என்றால் அது ‘பற்று வரவை’விட நெருக்கமான பெயர். அதேபோல, இரண்டாவது கதையில் கணக்கோ கடப்பாடோ மையத்தில் இல்லை என்று எழுதும்போது தெரிந்தால், அதை இந்தப் பெயரின் கீழ் கொண்டுவரப் பாடுபடாமல் தனித் தொடராக வெளியிடுங்கள்.

வெளியிட்ட முன்னோட்டத்தை நீக்க வேண்டாம். யூடியூபில் தலைப்பைத் திருத்தினால் முகவரி மாறாது என்பதால், ஏற்கெனவே பகிரப்பட்ட இணைப்புகள் அப்படியே வேலை செய்யும். அதன் தலைப்பைப் ‘பற்று வரவு: அப்பா விட்டுச்சென்ற கடன் – முன்னோட்டம்’ என்று மாற்றிவிட்டு, விவரக் குறிப்பின் முதல் வரியில், ‘அப்பா விட்டுச்சென்ற கடன்’ என்று அறிவிக்கப்பட்ட தொடர் இதுவே என்று எழுதிவையுங்கள். காணொளிக்குள் பழைய பெயர் பெரிதாக வருகிறது என்றாலும் குழப்பம் வராது, அந்தப் பெயர் இப்போதும் முதல் சீசனின் பெயராகவே இருக்கிறது. முதல் அத்தியாயத்துக்கான பெயர் அட்டையை மட்டும், படத்தொகுப்பு பூட்டப்படுவதற்கு முன், ‘பற்று வரவு’ என்று புதிதாகச் செய்துகொள்ளுங்கள்.